நாலு பிளக் பாயிண்ட் போதுமா? மெல்லிசைக் குழு மண்டபத்துக்கு எழுதும் கடிதம்

திருமண மண்டப மேலாளர்களுக்கு மெல்லிசைக் குழுவிடமிருந்து பெரும்பாலும் வருவது ஒரு போன் கால்தான். "சார், ஞாயித்துக்கிழமை ரிசப்ஷனுக்கு நாங்கதான் வர்றோம். மேடைகிட்ட நாலு பிளக் பாயிண்ட் இருக்கும்ல?" என்று குழுத் தலைவர் கேட்பார். "அதெல்லாம் இருக்கு, வாங்க" என்பார் மேலாளர். இருவரும் பொய் சொல்லவில்லை. நாலு பிளக் பாயிண்ட் உண்மையிலேயே இருக்கும். ஆனால் நாலும் ஒரே வயரில் தொங்கும். அதே வயரில் மேடை அலங்காரக்காரர் சீரியல் விளக்குகளை மாட்டியிருப்பார், வீடியோக்காரர் ஃபோகஸ் லைட்டைச் செருகியிருப்பார். மாலை ஆறரை மணிக்கு முதல் பாட்டின் சரணம் தொடங்கும்போது எம்.சி.பி. விழும். மேடை இருண்டுபோகும். எலக்ட்ரீஷியன் எங்கே என்று தேடினால் அவர் பந்தியில் இருப்பார்.

இந்தப் போன் காலுக்குப் பதிலாக, நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே மண்டபத்துக்கு ஒரு கடிதம் அனுப்பும் குழுக்களும் உண்டு. இரண்டு பக்கக் கடிதம், கூடவே ஒரு மேடை வரைபடம். வெளிநாட்டு ராக் குழுக்கள் பல பத்தாண்டுகளாக ஒப்பந்தத்தோடு சேர்த்து இதை அனுப்புகின்றன. நம் ஊரில் கச்சேரி அரங்குகளுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் இப்படி எழுதுவது பழக்கமாகிவிட்டது. திருமண மண்டபங்களுக்குத்தான் இன்னும் போனிலேயே காரியம் நடக்கிறது. உண்மையில் இந்தக் கடிதம் அதிகம் தேவைப்படும் இடம் மண்டபம்தான். அங்கே குழுவின் தேவைக்கென்று கட்டிய மேடையும் கிடையாது, தனி மின்சார வசதியும் கிடையாது.

அந்தக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும், ஏன் எழுத வேண்டும் என்று பார்க்க, பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், தபலா, டோலக், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், மூன்று பாடகர்கள். தமிழ்நாட்டில் வரவேற்பு நிகழ்ச்சிகளில் பாடும் ஒரு நடுத்தரக் குழு இப்படித்தான் இருக்கும்.

எந்த மேடை, எத்தனை அடி?

கடிதத்தின் முதல் கேள்வி, "எங்களுக்கு எந்த மேடை?" என்பதுதான். வரவேற்பில் நடுமேடை மணமக்களுக்கு உரியது. குழுவுக்கு அதன் ஓரத்திலோ, கூடத்தின் பக்கவாட்டிலோ தனியாக ஒரு சிறு மேடை போடுவார்கள். அதன் அளவை மண்டபத்தார் முடிவு செய்வதில்லை. பந்தல்காரர் கையில் எத்தனை பலகை இருக்கிறதோ அதுதான் அளவு. கடிதம் போகாத ஊரில் குழு வந்து இறங்கிய பிறகுதான் மேடை பன்னிரண்டு அடி அகலம் என்பதே தெரியவரும்.

நமது மாதிரிக் குழுவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கணக்குப் போட்டால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். டிரம்ஸுக்கு எட்டுக்கு எட்டு அடி வேண்டும். கீபோர்டுக்கு, ஸ்டாண்டும் வாசிப்பவரும் சேர்த்து, ஐந்தடி அகலம். கிட்டார்காரர் ஒருவருக்கு, பின்னால் வைக்கும் ஆம்ப்ளிஃபயரோடு, நாலடி. தபலாவும் டோலக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆறடி. நின்று பாடுபவருக்கு மூன்றடி. இனி வரிசை பிரிக்கலாம். பின்வரிசையில் ஒரு கீபோர்டு, நடுவில் டிரம்ஸ், இரண்டு கிட்டார்: மொத்தம் 21 அடி. முன்வரிசையில் இன்னொரு கீபோர்டு, தபலா-டோலக், மூன்று பாடகர்கள்: 20 அடி. இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அடி விட்டால் மேடையின் அகலம் 24 அடி ஆகிறது. ஆழத்தையும் இப்படியே கணக்கிடலாம். டிரம்ஸுக்கு எட்டடி, நடுவில் ஆள் நடக்க இரண்டடி, முன்வரிசைக்கு நாலடி, பாடகர்களுக்கு முன்னால் மானிட்டர் ஸ்பீக்கர் வைக்க மூன்றடி. மொத்தம் 17 அடி. ஆக, கடிதத்தில் "24 அடி அகலம், 18 அடி ஆழம்" என்று வரும்.

அதோடு இன்னொரு வரியும் சேர வேண்டும்: "அலங்காரம் முடிந்த பிறகு கிடைக்கும் அளவு." பின்னணித் திரையும் பூ அலங்காரமும் சுவரை ஒட்டி நிற்பதில்லை. சட்டத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மூன்று அடி முன்னால் வந்துதான் நிற்கும். மண்டபத்துப் பதிவேட்டில் 18 அடி என்றிருக்கும் மேடை, அலங்காரக்காரர் வேலையை முடிக்கும்போது 15 அடியாகியிருக்கும். அப்போது காணாமல் போவது மானிட்டருக்கு ஒதுக்கிய அந்த முன்பக்க மூன்றடி. அது போனால் பாடகர் தன் குரலைத் தானே கேட்க முடியாமல் பாட வேண்டியிருக்கும்.

வரைபடத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைவார்கள். பார்வையாளர்கள் இருக்கும் பக்கம் தாளின் கீழ்ப்புறம் வரும். இதில் அடிக்கடி நேரும் குழப்பம் இடம் வலம்தான். மேடைக் கலைஞர்கள் இடது என்றால் அது கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பாடகரின் இடது கைப்பக்கம். கூடத்தில் நின்று மேடையைப் பார்க்கும் மேலாளருக்கு அதுவே வலது. அனுபவமுள்ள குழுத் தலைவர் இந்த வம்பே வேண்டாம் என்று வரைபடத்தின் ஒரு ஓரத்தில் "மணமகள் அறைப் பக்கம்", மறு ஓரத்தில் "சமையல்கட்டுப் பக்கம்" என்று எழுதிவிடுவார். பந்தல்காரர், எலக்ட்ரீஷியன், அலங்காரக்காரர் எல்லாருக்கும் அது ஒரே பொருள் தரும்.

பெரிய ஸ்பீக்கர்கள் எங்கே நிற்கும் என்பதும் வரைபடத்தில் இருந்தாக வேண்டும். அவை பாடகர்களின் மைக்குகளுக்குக் குறைந்தது மூன்றடியாவது முன்னால் நிற்க வேண்டும், அல்லது மேடைக்குக் கீழே இரண்டு மூலைகளில் நிற்க வேண்டும். போட்டோக்காரர்களுக்கு மறைக்கிறது என்று யாராவது அவற்றைப் பின்னால் தள்ளினால், ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் நேராக மைக்குக்குள் நுழையும். மைக் அதை மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். சுற்றிச் சுற்றிப் பெருகி, கூடமே காதைப் பொத்திக்கொள்ளும் கீச்சொலி வரும். ஒலிப்பதிவாளர் சத்தத்தைக் குறைப்பதைத் தவிர அப்போது வேறு வழியில்லை. பிறகு பின்வரிசை விருந்தினர்களுக்குப் பாட்டு கேட்காது. ஸ்பீக்கர் நிற்கும் இடத்தை வீடியோக்காரருக்கும் காட்டும்படி கடிதம் கேட்பது இதனால்தான்.

எத்தனை வாட்?

கடிதத்தின் இரண்டாம் பகுதி மின்சாரம். "எங்களுக்கு 10,000 வாட்ஸ் சிஸ்டம்" என்று எழுதுவது வழக்கமாக நடக்கும் தவறு. அந்த எண் விளம்பரத்துக்கு உதவும், எலக்ட்ரீஷியனுக்கு உதவாது. ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட், ஒரு கணத்தில் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. பாட்டு என்பது ஏறி இறங்கும் ஒலி என்பதால், சராசரியாக அது இழுக்கும் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு. மேலாளருக்குத் தேவையானது, எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்ற கணக்கு. வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் அது கிடைத்துவிடும்.

நமது குழுவுக்கு அந்தக் கணக்கு இப்படி வரும். இரண்டு கீபோர்டு, லேப்டாப், ரிதம் பேட் எல்லாம் சேர்த்து 220 வாட். லீட் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் 150, பேஸ் ஆம்ப்ளிஃபயர் 300. டிஜிட்டல் மிக்சர், மேடைப் பெட்டி, கார்ட்லெஸ் மைக் ரிசீவர்கள் சேர்ந்து 230. ஆக, வாத்தியங்களுக்கும் மிக்சருக்கும் 900 வாட்; அதாவது நாலு ஆம்பியர். நாலு மானிட்டர்களுக்கும் முன்னால் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் சராசரியாக 2,100 வாட். அது ஒன்பது ஆம்பியர். விளக்குகள் தனி. 150 வாட் எல்.இ.டி. பார் விளக்குகள் இருபத்து நான்கு என்றால் 3,600 வாட், கிட்டத்தட்ட 16 ஆம்பியர். மொத்தத்தில் 6,600 வாட். பழைய ஹாலோஜன் பார் விளக்குகளாக இருந்தால் விஷயமே வேறு. அதில் ஒரு விளக்கே 1,000 வாட் இழுக்கும். எட்டு விளக்கு மாட்டினால் 35 ஆம்பியர் போய்விடும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஒன்று புரியும். பாட்டுக்குத் தேவையான மின்சாரம் பயந்ததைவிடக் குறைவு. அதை விழுங்குவது விளக்குதான். ஆகவே கடிதம் மூன்று தனி லைன் கேட்கிறது. முதல் லைன் வாத்தியங்களுக்கும் மிக்சருக்கும், 16 ஆம்பியர். இரண்டாவது ஸ்பீக்கர்களுக்கு, 20 ஆம்பியர். சராசரி ஒன்பதுதான் என்றாலும் டிரம்ஸின் ஒவ்வொரு அடிக்கும் அது எகிறும். மூன்றாவது விளக்குகளுக்கு, 32 ஆம்பியர். மூன்றும் மெயின் போர்டிலிருந்து தனித்தனி எம்.சி.பி. வழியாக வர வேண்டும். முதல் இரண்டு லைன்களில் மிக்ஸி, ஃபேன், சீரியல் செட், காபி மெஷின் எதையும் யாரும் செருகக் கூடாது என்று கடிதத்தில் அப்பட்டமாகவே எழுதிவிடுவார்கள்.

தனி லைன் கேட்பதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மண்டபங்களுக்கு வருவது மூன்று ஃபேஸ் மின்சாரம். வாத்தியங்களும் ஸ்பீக்கர்களும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும், விளக்குகள் வேறு ஃபேஸில் இருக்க வேண்டும் என்று குழுத் தலைவர் கேட்பார். விளக்கை மங்கவைத்துப் பிரகாசமாக்கும் டிம்மர்கள் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வேலை செய்கின்றன. அந்த இரைச்சல் அதே லைனில் உள்ள ஸ்பீக்கர்களில் ஈ மொய்ப்பதுபோல் கேட்கும். மேலும் ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட் இருக்கிறது. கேபிளால் இணைந்த இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு ஃபேஸில் இருந்து, ஏதோ ஒன்றில் பழுதும் ஏற்பட்டால் ஆபத்து இரட்டிப்பாகும்.

வயர் எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்?

எத்தனை ஆம்பியர் என்று சொன்னால் போதாது, அது எங்கே வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். வரைபடத்தில் 'அ', 'ஆ', 'இ', 'ஈ' என்று நாலு புள்ளி குறித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சாக்கெட், எந்த லைன் என்று எழுதுவது நல்ல பழக்கம். இல்லையென்றால் சாக்கெட் இருக்கும் இடத்திலிருந்து வாத்தியம் இருக்கும் இடத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களைக் கோத்துக்கொண்டே போக வேண்டிவரும்.

அதில் என்ன கெட்டுவிடும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மெயின் போர்டிலிருந்து மேடை 50 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். விளக்குகளுக்கு 16 ஆம்பியர் போகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அதைக் கொண்டுபோனால், போய்வரும் நூறு மீட்டரில் 19 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 230 வோல்ட் புறப்பட்டால் மேடைக்கு 211தான் வந்துசேரும். சாயங்கால நேரத்தில் ஈபி லைனே 210ஆக இறங்கியிருந்தால் மேடையில் கிடைப்பது 191. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 12 வோல்ட்டாகக் குறையும். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் ஏழரை வோல்ட்.

கரைந்த வோல்டேஜ் எங்கும் போய்விடுவதில்லை. மெல்லிய வயரில் அது 300 வாட் சூடாக மாறுகிறது. வயர் தரையில் நீளமாகக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் ஆறிவிடும். மிச்ச வயரைச் சுருளாகவே விட்டு, மேலே கார்ப்பெட்டையும் விரித்துவிட்டால் சூடு உள்ளேயே தங்கி உறை உருகத் தொடங்கும். ரப்பர் கருகும் வாசனைதான் முதல் அறிகுறி. "மேடைக்கு வரும் கேபிள் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், சுருளை முழுவதும் பிரித்துவிடவும்" என்ற ஒற்றை வரி கடிதத்தில் இருப்பது இதற்காக.

மிக்சருக்கும் இதே பகுதியில் ஒரு வரி உண்டு. ஒலிப்பதிவாளர் கூடத்தின் நடுவில், மேடையிலிருந்து அறுபதடி தள்ளி உட்கார்ந்தால்தான் விருந்தினர்கள் கேட்பதை அவரும் கேட்க முடியும். அவருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சாக்கெட் இருக்கிறது என்று மண்டபத்தார் அன்போடு காட்டுவார்கள். குழு அதை வேண்டாம் என்று சொல்லும். மேடையின் எர்த்தும் அந்தச் சுவரின் எர்த்தும் இரு வேறு வழியாகப் பூமிக்குப் போகின்றன. இரண்டுக்கும் இடையே ஓரிரு வோல்ட் வித்தியாசம் இருந்தால்கூட, மைக் கேபிள் வழியாக அந்த வித்தியாசம் ஓடி, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இடைவிடாத ரீங்காரம் கேட்கும். மிக்சருக்கான மின்சாரம் மேடையின் முதல் லைனிலிருந்தே போனால் இந்தத் தொல்லை இருக்காது. அதற்காக அறுபதடி கேபிள் கூடத்தைக் கடக்க வேண்டும். எந்தச் சுவரோரமாகப் போகலாம், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் கேபிள்மேல் என்ன மூடி போடுவார்கள் என்று கடிதம் கேட்கிறது.

எர்த் இருக்கிறதா?

கடிதத்தில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இது. 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இணைப்பு சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மேடையிலேயே உயிரிழந்தார். அதற்கு ஏறக்குறைய ஆறரை ஆண்டு முன்பு, 1965 டிசம்பரில், அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டபோது அவர் சுருண்டு விழுந்து நினைவிழந்தார். அவர் பிழைத்துக்கொண்டார்.

கிட்டார்காரர்களுக்கே இது நேர்வதற்குக் காரணம் இருக்கிறது. கிட்டாரின் உலோகத் தந்தி, கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. மைக்கின் உலோக வலை, மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. கை தந்தியில் இருக்கும்போது உதடு மைக்கில் பட்டால், இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருப்பது மனித உடல். இரண்டு எர்த்தும் சரியாக இருந்தால் எதுவும் நடக்காது. ஒன்று அறுந்திருந்து, அந்தக் கருவியில் மின்கசிவும் இருந்தால் மின்சாரம் நெஞ்சின் வழியாக ஓடும். உதட்டில் சுருக்கென்று எறும்பு கடித்ததுபோல் இருந்தால் பாட்டை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த லைனை அணைத்துப் பார்க்காமல் மறுபடி தொடங்கக் கூடாது.

ரீங்காரத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் வயரைக் கழற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மூன்று முள் பிளக்கின் பெரிய முள் இல்லாமல் கிடந்தாலோ, வயர்களை நேராகச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருந்தாலோ அது இந்தக் காரியம்தான். சத்தம் நின்றுவிடும், பாதுகாப்பும் போய்விடும். ரீங்காரத்துக்குச் சரியான மருந்து டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி. கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் அதை வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால், ஒலி போகும் கேபிளில் மட்டும் எர்த் விலகும். மின்சாரப் பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். ஒவ்வொரு கீபோர்டுக்கும் இரண்டு டி.ஐ. வேண்டும் என்று கடிதத்தின் கருவிப் பட்டியலில் எழுதுவார்கள்.

மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு சாக்கெட்டிலும் மூன்று அளவு எடுத்து எழுதித் தர வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240 வோல்ட் வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் மல்டிமீட்டர் மட்டும் சொன்னால் நம்பிவிட முடியாது. அது மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுப்பதால், அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த்திலும் 230 காட்டிவிடும். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒரு 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு நொடி வைத்துப் பார்ப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. மங்கலாக எரிந்தால் எர்த் குழியைக் கவனிக்க வேண்டும். அந்த லைனில் ஆர்.சி.சி.பி. இருந்தால் பல்பு எரிவதற்குள் அது விழுந்துவிடும், விழவும் வேண்டும். தொழில் தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது.

அந்த ஆர்.சி.சி.பி.யையும் கடிதம் பெயர் சொல்லியே கேட்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டித்துவிடும் வகை, மேடைக்கு வரும் முதல் இரண்டு லைன்களிலும் இருக்க வேண்டும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் தாண்டினால்தான் அது அசையும். மனிதனைக் கொல்ல அதில் ஒரு சிறு துளி போதும்.

கருவிகளுக்கு எமனாக வருவது நியூட்ரல் அறுந்துபோவது. மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் வயர் மெயின் போர்டில் தளர்ந்து கழன்றால், 230 வர வேண்டிய சாக்கெட்டில் 300, 350 என்று ஏறும். வேறொரு ஃபேஸில் அதே நேரம் இறங்கும். கூடத்தில் ஒரு பக்க விளக்குகள் திடீரென்று கண்ணைப் பறிப்பதுபோல் எரிந்து, மறுபக்க விளக்குகள் சோர்ந்துபோனால் அதுதான் அடையாளம். அப்போது மெயினை அணைப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கக் கூடாது. சில நொடி தாமதித்தாலும் கீபோர்டு அடாப்டர்கள் வெடித்துவிடும். நிகழ்ச்சியன்று காலையில் நியூட்ரல் இணைப்புகளைச் சோதித்து இறுக்கச் சொல்லிக் கடிதம் கேட்பதற்கு இதுவே காரணம்.

கரண்ட் போனால்?

ஈபி கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை பத்து முதல் இருபது நொடி ஆகும். வீட்டில் அது ஒன்றுமே இல்லை. டிஜிட்டல் மிக்சருக்கு அது கம்ப்யூட்டரை நடுவில் அணைத்த கதை. மறுபடி எழுந்து வர அதற்கு நேரம் வேண்டும், அதுவரை மேடை ஊமைதான். ஆகவே குழு தன் பங்குக்கு ஒரு கே.வி.ஏ. யு.பி.எஸ். கொண்டுவரும். மிக்சர், ரிசீவர்கள், கீபோர்டுகள் மட்டும் அதில் இருக்கும். ஐந்நூறு வாட்டுக்குள் அடங்கும் இந்தச் சுமையைச் சில நிமிடம் அது தாங்கும். ஸ்பீக்கர்களை அதில் மாட்டுவதில்லை.

ஜெனரேட்டரைப் பற்றிக் கடிதம் கேட்பது மூன்று. குழுவுக்கு மட்டும் 6,600 வாட் என்றால், பவர் ஃபாக்டர் 0.8 என்று கொண்டு வகுத்தால் எட்டேகால் கே.வி.ஏ. வருகிறது. ஏ.சி.க்கும் சமையலறைக்கும் போக மேடைக்குப் பத்து கே.வி.ஏ. மிஞ்சுமா என்பது முதல் கேள்வி. மேடையின் மூன்று லைன்களும் ஜெனரேட்டரில் சேர்ந்திருக்கின்றனவா என்பது இரண்டாவது. சில மண்டபங்களில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் ஜெனரேட்டரில் இருக்கும், பிளக் பாயிண்ட்கள் இருக்காது. மூன்றாவது, கரண்ட் திரும்பி வந்ததும் உடனே சேஞ்ச்ஓவர் போட்டுவிடாமல், ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போட முடியுமா என்பது. ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்தால், ஒலிப்பதிவாளர் ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டுத் தயாராக இருப்பார். தானாக மாறும் பேனல் உள்ள மண்டபமென்றால் அதையும் எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.

சவுண்ட் செக் நேரத்தில், மதியம் மூன்று மணிவாக்கில், ஒருமுறை ஜெனரேட்டரில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கவும் கடிதம் அனுமதி கேட்கும். ஈபியில் சரியாக இருந்த எர்த், ஜெனரேட்டருக்கு மாறியதும் காணாமல் போகலாம். ஜெனரேட்டரின் நியூட்ரலைத் தனியாக எர்த் செய்யாத இடங்களில் அது நடக்கிறது. அதே மூன்று அளவுகளை ஜெனரேட்டர் ஓடும்போதும் எடுத்தால் தெரிந்துவிடும்.

படித்தார்களா என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் 'வான் ஹேலன்' ராக் குழு 1982 சுற்றுப்பயணத்துக்கு அனுப்பிய பட்டியலில், ஓய்வறையில் எம் அண்ட் எம் சாக்லேட் மிட்டாய் வைக்க வேண்டும், ஆனால் பழுப்பு நிற மிட்டாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நட்சத்திரங்களின் செருக்கு என்று பத்திரிகைகள் எழுதின. பாடகர் டேவிட் லீ ராத் 1997இல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில் அதற்கு விளக்கம் தந்தார். மேடை தாங்க வேண்டிய எடையும் மின்சாரத் தேவையும் பக்கம் பக்கமாக இருந்த ஒப்பந்தத்தை அரங்கத்தார் முழுதாகப் படித்தார்களா என்று பார்க்க வைத்த சோதனை அது என்றார். பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால் மேடையின் ஒவ்வொரு இணைப்பையும் திரும்பச் சோதிப்பார்களாம். கொலராடோ மாநிலத்தின் புவெப்லோவில் எடைக் கணக்கைப் படிக்காததால் மேடை தரைக்குள் இறங்கிவிட்டது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

மண்டபத்துக்குப் போகும் கடிதத்தில் அந்த மாதிரிச் சோதனை தேவைப்படுவதில்லை. கடைசிப் பக்கத்தைப் பதில் தாளாக வைத்துவிட்டால் போதும். அதில் மேலாளர் நிரப்ப வேண்டிய கோடுகள் மட்டும் இருக்கும்: அலங்காரம் போக மேடை அளவு, மேடைக்கு எத்தனை தனி லைன், ஒவ்வொன்றின் எம்.சி.பி. அளவு, மெயின் போர்டிலிருந்து மேடைக்கு எத்தனை மீட்டர், எர்த் அளவு, ஜெனரேட்டரின் கே.வி.ஏ., அன்று மாலை மெயின் போர்டு பக்கத்திலேயே இருக்கப்போகும் எலக்ட்ரீஷியனின் பெயரும் எண்ணும். "இருக்கிறது" என்று பதில் எழுத அதில் இடமே இல்லை. அளந்துதான் எழுத முடியும்.

நிரப்பி வரும் தாளில் எல்லாமே குழு கேட்டபடி இருக்காது. மேடை இருபதுக்குப் பன்னிரண்டு அடிதான், தனி லைன் இரண்டுதான் என்று பதில் வரலாம். பத்து நாள் முன்பே அது தெரிந்துவிட்டால் குழுத் தலைவர் முடிவெடுக்க வசதி. டிரம்ஸ் செட்டை விட்டுவிட்டு ரிதம் பேடை மட்டும் கொண்டுவருவார், எட்டுக்கு எட்டு அடி மிச்சம். இரண்டாவது கீபோர்டைப் பின்வரிசைக்கு மாற்றுவார். வாத்தியங்களையும் ஸ்பீக்கர்களையும் சேர்த்து 13 ஆம்பியரை ஒரே 20 ஆம்பியர் லைனில் வைப்பார். விளக்குகளைப் பாதியாகக் குறைத்து எட்டு ஆம்பியரில் முடிப்பார். மண்டபத்தில் ஆர்.சி.சி.பி. இல்லை என்றால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய தன் சொந்த மெயின் பெட்டியை வேனில் ஏற்றச் சொல்வார். எர்த் அளவு எழுத வேண்டிய கோடு மட்டும் காலியாகத் திரும்பி வந்தால், அதற்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. மேலாளரை போனில் பிடித்து, எலக்ட்ரீஷியனை வரவழைத்து, சோதித்துச் சொல்லும்வரை அந்த நிகழ்ச்சியை அவர் உறுதிசெய்ய மாட்டார்.